முகவரி தீர்ந்த ரவுட்டர்: லீஸைக் குறைப்பதா, எல்லையை நீட்டுவதா, மாஸ்கை மாற்றுவதா?

வைஃபை பாஸ்வேர்டு சரி, சிக்னலும் முழுதாக இருக்கிறது, ஏற்கெனவே இணைந்திருக்கும் கருவிகளில் இணையம் ஓடுகிறது. புதிதாக வரும் போன் மட்டும் "ஐபி முகவரி பெறப்படுகிறது" என்ற நிலையிலேயே சுற்றிவிட்டுக் கைவிடுகிறது. இதே இடத்தில் விண்டோஸ் லேப்டாப்பில் `ipconfig` கொடுத்தால் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரியும். முகவரி கேட்டு யாரும் பதில் சொல்லாததால் லேப்டாப் தானாகவே வைத்துக்கொண்ட முகவரி அது. முகவரி தரும் டிஎச்சிபி சேவையின் கையில் மிச்சம் எதுவும் இல்லாதபோது பெரும்பாலான ரவுட்டர்கள் மறுப்புக்கூடச் சொல்லாமல் மௌனமாக இருந்துவிடும்.

உறுதிசெய்ய எளிய சோதனை உண்டு. சேராத லேப்டாப்பில், ரவுட்டர் பகிரும் எல்லைக்கு வெளியே, வேறு யாரும் பயன்படுத்தாத ஒரு முகவரியைக் கையால் இடுங்கள். கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் ரவுட்டரின் முகவரி. இணையம் வந்துவிட்டால் குற்றவாளி முகவரிப் பற்றாக்குறைதான், அல்லது டிஎச்சிபி சேவையே நின்றுபோயிருக்கிறது. இரண்டில் எது என்பதை, எந்த முகவரி எந்தக் கருவிக்கு எவ்வளவு நேரத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் ரவுட்டரின் லீஸ் பட்டியல் சொல்லும். மாறாக, வைஃபையில் சேரவே முடியவில்லை என்றால் ரேடியோ தாங்கும் கருவி எண்ணிக்கை எட்டிவிட்டிருக்கலாம். அதற்குக் கீழே உள்ள எதுவும் உதவாது.

ஒரு பயிற்சி மையத்தை எடுத்துக்கொள்வோம். ரவுட்டர் 192.168.1.1, பகிரும் எல்லை 192.168.1.100 முதல் 149 வரை, ஆக 50 முகவரிகள். லீஸ் 24 மணி நேரம். காலை வகுப்பில் 22 பேர், ஆளுக்கு ஒரு போன், ஒரு லேப்டாப்: 44. எப்போதும் இருக்கும் டிவி, கேமராக்கள் என்று 4. மொத்தம் 48, காலையில் எல்லாம் சுகம். ஒரு மணிக்கு அவர்கள் போய், ஒன்றரைக்கு அடுத்த 22 பேர் வருகிறார்கள். முதல் இரண்டு கருவிகள் சேரும், மற்ற 42 வெளியே நிற்கும். அந்த நேரத்தில் கூடத்தில் உண்மையில் இருப்பதோ 48 கருவிகள்தான்.

காரணம் லீஸ். வைஃபை எல்லையைத் தாண்டிப் போகும் போன் "முகவரியைத் திருப்பித் தருகிறேன்" என்று பொதுவாகச் சொல்வதில்லை. குத்தகைக் காலம் முடியும்வரை ரவுட்டர் அதை ஒதுக்கியே வைத்திருக்கும். போதாக்குறைக்கு, ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள், கருவியை அடையாளம் காட்டும் உண்மையான மேக் முகவரியை மறைத்துப் புனைந்த ஒன்றைக் காட்டுகின்றன. ஒரே வைஃபைக்கு அது வழக்கமாக மாறாது. ஆனால் அமைப்பை மாற்றினாலோ, சில போன்களில் நெட்வொர்க்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தாலோ மாறலாம். மாறினால் ரவுட்டரின் கணக்கில் அது புதுக் கருவி. பழைய ஒதுக்கீடும் அப்படியே கிடக்கும்.

இப்போது முதல் வழி: லீஸைக் குறைப்பது. கருவி தன் லீஸில் பாதி கழிந்ததும் புதுப்பிக்கும். ஆகவே ஒருவர் கிளம்பும்போது அவருடைய முகவரியில் மிச்சம் இருப்பது பாதி லீஸுக்கும் முழு லீஸுக்கும் இடையில். ஒரு மணி நேர லீஸ் வைத்தால் ஒன்றரை மணிக்கு அநேகமாக ஒருவரின் முகவரிகூட விடுபட்டிருக்காது. 30 நிமிடம் வைத்தால் இடைவேளை முடியும்போது எல்லாமே விடுபட்டிருக்கும். அதாவது, கூட்டம் மாறும் இடைவெளியை விட லீஸ் நீளக் கூடாது. அதற்காக ஐந்து நிமிடம் என்று இறங்க வேண்டாம். டிஎச்சிபி சேவை சற்று நேரம் முடங்கினாலே வேலை செய்துகொண்டிருக்கும் கருவிகளும் முகவரியை இழக்கும். அலகையும் பாருங்கள்: சில ரவுட்டர்களில் நிமிடம், சிலவற்றில் விநாடி. விநாடிக் கட்டத்தில் 30 என்று அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதில் ஒரு குழி: ஏற்கெனவே 24 மணி நேரத்துக்குக் கொடுத்த லீஸ்கள் புது அமைப்பால் சுருங்காது. ரவுட்டரை மறுபடி தொடக்கினால் பல மாடல்களில் பட்டியல் அழியும். வைஃபை கருவிகள் திரும்ப இணையும்போது புதிய காலத்துக்குப் பெறும். வேறொரு ஸ்விட்ச் வழியே கேபிளில் இருக்கும் கருவிக்கு ரவுட்டர் அணைந்ததே தெரியாது, பழைய முகவரியிலேயே இருக்கும். பட்டியலை மறந்த ரவுட்டர் அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும். அந்தக் கருவிகளையும் ஒருமுறை அணைத்துப் போடுவது நல்லது.

இரண்டாம் வழி, எல்லையை நீட்டுவது. ஒரு வலையில் எத்தனை முகவரி அடங்கும் என்பதைத் தீர்மானிப்பது மாஸ்க்; 255.255.255.0 மாஸ்கில் பயன்படக்கூடியவை 254 முகவரிகள். அதில் ரவுட்டருக்கு ஒன்று போக 253. எல்லையை 20 முதல் 239 வரை வைத்தால் 220 கிடைக்கும். இரண்டு வகுப்பும் சேர்ந்தாலும் 92தான், 24 மணி நேர லீஸைத் தொடாமலே தீர்ந்துவிடும். மோதல் வரும் இடம் ஒன்றே: பிரின்டருக்கு முன்பு யாரோ கையால் 192.168.1.200 இட்டிருந்தால், அது இப்போது எல்லைக்குள் வந்துவிட்டது. ஒருநாள் ஒரு போனுக்கு அதே முகவரி போனால் அச்சு விட்டுவிட்டு வேலை செய்யும். நீட்டும் முன் அப்படிப்பட்ட கருவிகளை 2–19க்குள் கொண்டுவாருங்கள், அல்லது ரவுட்டரிலேயே அவற்றுக்கு முன்பதிவு செய்யுங்கள்.

என் தேர்வு இதுதான். வேண்டுமானால் லீஸையும் ஓரளவு சேர்த்துக் குறைக்கலாம். ஓப்பன்டபிள்யூஆர்டி ரவுட்டரில்:

```
uci set dhcp.lan.start='20'
uci set dhcp.lan.limit='220'
uci set dhcp.lan.leasetime='2h'
uci commit dhcp
/etc/init.d/dnsmasq restart
```

இதில் `limit` என்பது கடைசி எண் அல்ல, எத்தனை முகவரி என்ற எண்ணிக்கை. பலர் இங்கே 239 என்று போட்டுத் தவறுவார்கள். மறுநாள் நெரிசல் நேரத்தில் `wc -l /tmp/dhcp.leases` கொடுத்தால் எத்தனை லீஸ் போயிருக்கிறது என்று தெரியும்.

மூன்றாவது வழி, மாஸ்கை 255.255.254.0 ஆக்கி 510 முகவரிக்குப் போவது. ஒரே நேரத்தில் இருநூறுக்கு மேல் கருவிகள் உண்மையிலேயே இருந்தால் ஒழிய இதைத் தொட வேண்டாம் என்பேன். கூடுதலாக 192.168.2.x கிடைக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். இந்த மாஸ்கில் தொகுதி இரட்டைப்படை எண்ணில்தான் தொடங்கும்; 192.168.1.1 விழும் தொகுதி 192.168.0.0 முதல் 192.168.1.255 வரை. ரவுட்டருக்கு முன்னால் இருக்கும் இணைய மோடம் 192.168.0.1 என்றிருந்தால், உள்வலையும் வெளிவலையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அனைவருக்குமே இணையம் போய்விடும். பழைய 255.255.255.0 மாஸ்கைக் கையால் இட்ட பிரின்டருக்கோ 192.168.0.50இல் இருக்கும் போன் வேற்று வலையாகத் தெரியும். பதிலை நேரே அனுப்பாமல் கேட்வேக்கு அனுப்பும். கேட்வே இடப்படாவிட்டால் பதிலே போகாது. சிலருக்கு அச்சு வருகிறது, சிலருக்கு வரவில்லை என்று புகார் வந்தால், வராதவர்களின் முகவரி 192.168.0 என்று தொடங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

விருந்தினர் வைஃபையைத் தனியே திறப்பதும் ஒரு வழிதான். ஆனால் எளிய ரவுட்டர்கள் சிலவற்றில் அதுவும் அதே 50 முகவரியிலிருந்துதான் எடுக்கும். திறந்து ஒரு போனைச் சேர்த்து, அதற்குக் கிடைக்கும் முகவரியின் மூன்றாம் எண் வேறாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.