மோர் வட்டமா, சூத்திரமா? என் ஓட்டு வட்டத்துக்குத்தான்

பசுமலையில் மாலை வேளையில் மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகளுக்கு ‘ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்’ பாடம் எடுக்கிறேன். ஒரு தளக்கூறின் முதன்மைத் தகைவுகளையும் பெரும ஷியரையும் கண்டுபிடிக்க இரண்டு வழி இருக்கிறது. சூத்திரத்தில் எண்களைப் போடலாம், அல்லது 1882-இல் ஜெர்மன் பொறியாளர் ஓட்டோ மோர் தந்த வட்டத்தை வரையலாம். இந்தப் பருவத்திலிருந்து வட்டத்தைத்தான் முதலில் நடத்துகிறேன்.

எண்களில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. வட்டமே அந்தச் சூத்திரத்தின் படம்தான். வேகம் என்று பார்த்தால் சூத்திரம் கொஞ்சம் முந்தும். என்னை வட்டத்தின் பக்கம் இழுத்தது கோணம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மெல்லிய தகட்டாலான ஓர் உருளைக் கலம், உள்ளே அழுத்தம். அதனால் சுற்றுவாக்கில் 100 மெகாபாஸ்கல் இழுவிசைத் தகைவு. நீளவாக்கில் 50 வரவேண்டும், ஆனால் வெளியிலிருந்து வரும் அமுக்கம் 30-ஐக் கழித்துவிட 20 மிஞ்சுகிறது. கூடவே முறுக்கால் 30 ஷியர். நீளவாக்கை x என்று வைத்தால் σx = 20, σy = 100, τxy = 30.

சூத்திரக்காரர் tan 2θ = 2τxy/(σx − σy) என்று எழுதி −0.75 என்று கண்டுபிடிப்பார். கால்குலேட்டர் 2θ = −36.87° என்று சொல்லும், பாதி −18.43°. “சார், அப்போ σ1 தளம் மைனஸ் 18.43 தானே?” என்று பிள்ளைகள் உடனே கேட்பார்கள். இல்லை. அந்தக் கோணத்தைத் தகைவுச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 60 − 32 − 18 = 10. அது சிறிய முதன்மைத் தகைவின் தளம், பெரியதான σ1-இன் தளம் அல்ல. டேன் மதிப்பு 180 டிகிரிக்கு ஒருமுறை திரும்ப வருவதால், இரண்டு தளங்களில் எது எது என்று சூத்திரம் தானாகச் சொல்லாது. நாம்தான் இன்னொரு முறை போட்டுச் சரிபார்க்க வேண்டும். பரீட்சை அவசரத்தில் அந்தப் படியைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது வட்டம். தளக்கூறை இடஞ்சுழியாகத் திருப்பப் பார்க்கும் ஷியரைக் கிடை அச்சுக்குக் கீழே குறிப்பது என்று வைத்துக்கொள்வோம். x முகத்தின் புள்ளி 20-இல், 30 கீழே. y முகத்தின் புள்ளி 100-இல், 30 மேலே. இரண்டையும் இணைத்தால் கோடு அச்சை 60-இல் வெட்டும், அதுதான் மையம். ஆரம் 40-க்கும் 30-க்கும் பித்தாகரஸ் போட்டால் 50. வலது ஓரம் 110, இடது ஓரம் 10. கூட்டினால் 120, கொடுத்த 20-ம் 100-ம் சேர்ந்ததும் 120, அதனால் கணக்கு சரி.

x புள்ளி மையத்துக்கு இடப்பக்கம் இருப்பது கண்ணிலேயே தெரிகிறது. 10-க்குப் போக வலஞ்சுழியாக 36.87° போதும். 110-க்கோ இடஞ்சுழியாக 143.13° சுற்ற வேண்டும், கலத்தில் அதன் பாதி 71.57°. குழப்பத்துக்கு இடமே இல்லை.

இது மார்க்குக்காக மட்டும் சொல்வதல்ல. கப்பலூரில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கும் என் மச்சினன் கேட்பதெல்லாம், “மாப்ள, விரிசல் எந்தப் பக்கமா ஓடும்?” என்பதுதான். நொறுங்கும் தன்மையுள்ள பொருள் σ1-க்குச் செங்குத்தாகப் பிளக்கும். இங்கே அச்சிலிருந்து 18.43° சாய்ந்த கோட்டில். கோணத்தை மாற்றி எடுத்தால் விரிசல் கோடு 90° தள்ளிப்போகும்.

பெரும ஷியர் வட்டத்தின் உச்சி, அதாவது 50. உச்சி மையத்துக்கு நேர் மேலே இருப்பதால் அந்தத் தளத்தில் 60 நேர்த்தகைவும் இருக்கிறது என்பது தெரியும். ஆனால் கவனிக்க வேண்டிய இடம் வேறு. கலத்தின் வெளிப்பரப்புக்குச் செங்குத்தான மூன்றாவது முதன்மைத் தகைவு சுழி. 110, 10 இரண்டும் ஒரே குறி என்பதால் சுழியிலிருந்து 110 வரை இன்னொரு பெரிய வட்டம் வரும், அதன் ஆரம் 55. உண்மையான பெரும ஷியர் அதுதான். 250 மெகாபாஸ்கல் நெகிழ் வலிமையுள்ள எஃகுக்கு டிரெஸ்கா விதிப்படி ஷியர் எல்லை 125. காப்புக் காரணி 2.5 என்று நினைத்தது 2.27 ஆகிவிடும். தளச் சூத்திரம் 50-இலேயே நின்றுவிடும், வட்டமோ மூலப்புள்ளி வெளியே நிற்பதைக் காட்டிவிடும்.

சூத்திரத்துக்கும் நியாயம் உண்டு. நூறு புள்ளிகளுக்குக் கணக்குப் போட வேண்டுமானால் யாரும் வட்டம் வரைய மாட்டார்கள். எக்செலில் இப்படிப் போட்டால் கோணமும் சரியாகவே வரும்:

```
=DEGREES(ATAN2(20-100,2*30))/2
```

விடை 71.57. முப்பரிமாணத்தில் எல்லா முகங்களிலும் ஷியர் இருந்தால் முதன்மைத் தகைவுகளை முதலில் ஐகன் மதிப்பாகக் கண்டுபிடித்தாக வேண்டும், அங்கே வட்டம் வழி காட்டாது. பெரிய மென்பொருள்களில் நான் அதிகம் வேலை செய்ததில்லை, அதனால் அந்தப் பக்கத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல மாட்டேன்.

வரைபடத் தாளில் துல்லியமாக வரையத் தேவையில்லை. கையால் வரைந்த உருவம் போதும், நீளங்களைப் பித்தாகரஸ் பார்த்துக்கொள்ளும். அளந்தே ஆகவேண்டும் என்றால் இரண்டு அச்சுக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள், இல்லையென்றால் வட்டம் முட்டை வடிவமாகி எல்லாக் கோணமும் பொய்யாகிவிடும்.