டீக்கடை ஃப்ரையருக்குப் பாமாயிலா, சூரியகாந்தியா, செக்குக் கடலை எண்ணெயா?

விறகடுப்பு வாணலியை விட்டு 6 லிட்டர் கரண்ட் ஃப்ரையருக்கு மாறும் கடைக்காரர் முதல் வாரத்திலேயே இரண்டு தொல்லைகளைப் பார்ப்பார். ஒன்று புகை, மற்றொன்று நுரை. கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் இரண்டுக்கும் எண்ணெய்க் கடைக்காரரைத்தான் திட்டுவார்கள். பாதி நேரம் குற்றம் எண்ணெயில் இருக்காது. மெதுவடை, வாழைக்காய் பஜ்ஜி போடும் கடைக்கு என் ஓட்டு பாமாயிலுக்குத்தான். ஆனால் எண்ணெயை மாற்றும் முன், ஃப்ரையரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைச் சோதித்துவிட வேண்டும்.

புதிய எண்ணெயிலேயே புகை எழுந்தால், எண்ணெயில் தாங்கும் வெப்பமானி ஒன்றை வாங்குங்கள். டயலை 175 டிகிரியில் வைத்து, எதையும் போடாமல், சூடேறுவதைக் காட்டும் விளக்கு மூன்று முறை எரிந்து அணையும்வரை காத்திருங்கள். முதல் சுற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. குளிர்ந்த எண்ணெயிலிருந்து ஏறும்போது காயிலில் தேங்கிய சூடு, கரண்ட் நின்ற பிறகும் எண்ணெயைக் கொஞ்சம் மேலே தள்ளிவிடும். மூன்றாவது சுற்றில், காயிலைத் தொடாமல் எண்ணெயின் நடுவில் வைத்து, விளக்கு அணையும்போது ஒரு முறையும் மீண்டும் எரியும்போது ஒரு முறையும் அளவு எடுங்கள். 184, 168 என்று வந்தால் சராசரி 176. தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருக்கிறது. இந்த வகைக் கருவி ஒரே புள்ளியில் நிற்காது, இப்படி ஏறி இறங்கித்தான் வேலை செய்யும். அணையும் அளவே 205 என்றால் கோளாறு இருக்கிறது.

அந்தக் கோளாறு பெரும்பாலும் பல்பில் இருக்கும். மெல்லிய குழாயின் நுனியில் பென்சில் பருமனில் இருக்கும் அந்தப் பல்புதான் சூட்டை உணர்கிறது. அதன்மேல் கருகிய பிசின் படிந்துவிட்டால் சூடு தாமதமாகத்தான் உள்ளே எட்டும். அதற்குள் எண்ணெய் எல்லை தாண்டிவிடும். பல்பு கிளிப்பிலிருந்து நழுவியிருந்தாலும், எண்ணெய் மட்டம் குறைந்து பல்பு வெளியே தெரிந்தாலும் இதே கதைதான். துடைத்து, கிளிப்பில் மாட்டி, மறுபடி அளவு பாருங்கள். விளக்கு அணையவே இல்லையென்றால் உள்ளே கரண்டை இணைத்துத் துண்டிக்கும் முனை ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது குழாய் கசிந்திருக்கலாம். அந்தத் தெர்மோஸ்டாட்டை மாற்றியே ஆக வேண்டும். அதிகச் சூட்டில் தானே நிறுத்தும் பாதுகாப்புப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தி ஓட்டுவது தீ விபத்துக்கு வழி.

இனி எண்ணெய்கள். செக்குக் கடலை எண்ணெயைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மணத்தில் அதற்கு ஈடில்லை, வீட்டு வாணலிக்கு அதைவிட நல்லது கேட்க முடியாது. ஆனால் சுத்திகரிக்காத கடலை எண்ணெய் 160 டிகிரி சுமாரிலேயே புகைய ஆரம்பிக்கும். வடைக்கு வேண்டியதோ 170 முதல் 180. அதோடு செக்கு எண்ணெயில் தங்கும் இயற்கைப் பசை முதல் நாளே நுரையைக் கிளப்பும், எண்ணெயைச் சீக்கிரம் கறுக்க வைக்கும். தெர்மோஸ்டாட் எவ்வளவு சரியாக இருந்தாலும் இதைத் தவிர்க்க முடியாது.

சுத்திகரித்த சூரியகாந்தியும் பாமாயிலும் புதிதாக இருக்கும்போது 220 டிகிரிக்கு மேல்தான் புகையும். அந்த அளவில் இரண்டும் சமம். வித்தியாசம் மூன்றாம் நாள் தெரியும். சாதாரணச் சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலிக் அமிலம். காற்றும் சூடும் பட்டால் அது எளிதில் சிதைந்து, ஒன்றோடொன்று கோத்துப் பிசினாகும். பாமாயிலில் அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அதனால்தான் பாமாயில் அதிக நாள் தாங்குகிறது. நிறைவுற்ற கொழுப்பு பாமாயிலில் கூடுதல் என்பதும் உண்மை, தினம் சாப்பிடுகிறவர் அதைக் கவனிக்க வேண்டும். ஆனால் சிதைந்த எண்ணெயில் பொரித்த வடை எந்த எண்ணெயில் பொரித்திருந்தாலும் நல்லதல்ல.

ஒரு கணக்குப் போடுவோம். மூன்று மணி முதல் ஏழு மணி வரை ஃப்ரையர் ஓடுகிறது, 150 வடை, பஜ்ஜி. ஒன்று 6 கிராம் எண்ணெய் குடித்தால் 900 கிராம், அதாவது ஒரு லிட்டர் சுமார். மறுநாள் அந்த ஒரு லிட்டரைப் புதிதாக ஊற்றி மட்டத்தைச் சரிசெய்கிறோம். திங்கள் நிரப்பிய பாமாயில் சனி இரவு வரை தாங்கினால் வாரத்துக்கு 6 லிட்டரும் மேலே ஊற்றிய 5 லிட்டரும், ஆக 11. சூரியகாந்தியை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டி வந்தால் இரண்டு முறை நிரப்ப 12, இடையில் ஊற்ற 4, ஆக 16. டின் விலை ஏறினாலும் இறங்கினாலும் இந்த 5 லிட்டர் வித்தியாசம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது. இது உளுந்துக்கும் கடலைமாவுக்கும் போட்ட கணக்கு. மீன், கோழி வறுக்கும் கடை இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, அங்கே எண்ணெய் இன்னும் சீக்கிரம் போகும்.

ஆறு நாள் தானாக வராது. இரவு ஃப்ரையரை அணைத்து, எண்ணெய் கைபொறுக்கும் சூட்டுக்கு இறங்கியபின் துணியில் வடிகட்டி, அடியில் கிடக்கும் மாவுத்தூளை எடுக்க வேண்டும். அந்தத் தூள்தான் மறுநாள் கருகிப் புகைகிறது. கூட்டம் இல்லாத அரைமணியில் டயலை 120க்கு இறக்குங்கள். சூடு பத்து டிகிரி கூடினால் எண்ணெய் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுவான கணக்கு. நம் ஊர்ப் பித்தளை ஜல்லிக்கரண்டியை இங்கே ஒதுக்கிவிட வேண்டும். பித்தளையில் உள்ள செம்பு எண்ணெயைச் சிதைக்கும் வேலையை முடுக்கும். எவர்சில்வர் போதும்.

நுரையைப் பார்த்து மாற்றுவதில்தான் பலர் தவறுகிறார்கள். வடை போட்டதும் பெரிய குமிழிகள் எழுந்து உடனே உடைந்தால் அது மாவின் ஈரம், கவலை வேண்டாம். புது எண்ணெய் ஊற்றிய முதல் அரைமணியிலேயே நுரைத்தால் தொட்டியில் சோப்பு மிச்சம் இருக்கிறது. நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, ஈரம் போகத் துடைத்துக் காயவிட வேண்டும். பஜ்ஜி மாவில் ஆப்ப சோடா கூடினாலும் நுரைக்கும். பழகிய எண்ணெயில் சேரும் அமிலத்தோடு சோடா கலந்தால் அதுவே சோப்பாகிறது. சோடாவைப் பாதியாக்கி ஒரு நாள் பாருங்கள்.

வடையை எடுத்த பிறகும் அடங்காமல், மஞ்சளான பொடி நுரை தொட்டி ஓரம் ஏறி நின்றால் எண்ணெய் முடிந்தது. கூடவே கரண்டியிலிருந்து நூல்போல் வழியும், சோதித்த தெர்மோஸ்டாட்டில் 175 டிகிரியிலேயே புகையும். அப்போது புது எண்ணெய் ஊற்றி ஒப்பேற்றினால் அந்தப் புதிய லிட்டரும் சேர்ந்து கெடும், முழுவதையும் வடித்தே ஆக வேண்டும். நிறம் மட்டும் கறுத்தது சான்றாகாது, மிளகாய்த்தூளே அப்படிக் கறுக்க வைக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி 2018 ஜூலை 1 முதல், எண்ணெய் சிதையும்போது சேரும் மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது. இதை அளக்கும் மீட்டர் சிறு கடைக்குக் கட்டாது. கடைகள் நாலைந்து சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும், வாரம் ஒரு முறை அளந்தாலே உங்கள் கடையின் நாட்கணக்கு பிடிபட்டுவிடும்.

வடித்த எண்ணெயை வாய்க்காலில் ஊற்றாதீர்கள், வண்டிக்கடைக்கும் விற்காதீர்கள். அதே ஆணையத்தின் ரூகோ திட்டத்தில் பதிவு செய்தவர்கள் பயோடீசலுக்காக எடுத்துக்கொள்வார்கள். டின்னில் சேர்த்து மூடி வைத்து, அவர்களிடம் கொடுங்கள்.