“ஏன்?” என்று கேட்கத்தான் இரண்டாவது ஆள்

“ஆண்டுச் சந்தா பாதி விலைக்கு வந்திருக்கே, கட்டலாமா?” என்று நண்பர் கேட்டார். நான் நெடுநாளாகக் கேட்டுவரும் அறிவியல் பாட்காஸ்ட்தான். ஒருவர் விஷயம் தெரிந்தவர், இன்னொருவர் நம் சார்பில் கேள்வி கேட்பவர். என் எரிச்சலெல்லாம் இந்த இரண்டாமவர் மேல்தான்.

ஜிபிஎஸ் பற்றிய பகுதியையே எடுத்துக்கொள்வோம். செயற்கைக்கோளின் சிக்னலில் அது கிளம்பிய நேரம் இருக்கும். வந்துசேர ஆன நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். மூன்று செயற்கைக்கோள்களிலிருந்து தூரம் தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிட வேண்டும். “ஆனா குறைஞ்சது நாலு வேணும்” என்றார் தெரிந்தவர். கேட்கிற எல்லோருக்கும் “ஏன்?” என்று வாய்வரை வரும் இடம் அது. நம் ஆளோ, “ஓ, நாலா! செம!” என்றுவிட்டு, மேப் தன்னை மாட்டுக்கொட்டகைக்குக் கூட்டிப்போன கதைக்குத் தாவிவிட்டார்.

விளம்பரம் முடிந்து வந்தவர், “அது சரி, என் போன்ல இருக்கிற கடிகாரம் அவ்வளவு கரெக்டாவா ஓடுது?” என்றார். அவ்வளவுதான், கதவு திறந்துகொண்டது. மேலே இருப்பவை அணுக் கடிகாரங்கள், போனில் இருப்பது சாதாரணக் குவார்ட்ஸ். ஒரு மைக்ரோவினாடி பிசகினாலே தூரம் 300 மீட்டர் தவறும். அதனால் இடத்தைச் சொல்லும் மூன்று எண்களோடு, போன் கடிகாரத்தின் பிழையும் நான்காவதாகத் தெரியாத எண் ஆகிறது. அதைக் கண்டுபிடிக்கத்தான் நான்காவது செயற்கைக்கோள். இதை நான் பலமுறை படித்திருக்கிறேன், புரிந்தது அந்தக் கேள்விக்கு அப்புறம்தான்.

மற்ற நாட்களில் கேள்வித்தாள் கையில் இருப்பது அப்பட்டமாகத் தெரியும். அயனோஸ்ஃபியர் என்ற பேச்சே எழாதபோது, “அயனோஸ்ஃபியர் தாமதத்தை எப்படிச் சரிசெய்றாங்க?” என்பார். கேட்டுக்கொண்டிருக்கும் எவருக்கு அந்தச் சந்தேகம் வந்திருக்கும்?

இந்த வேலை முடியாததல்ல. 2005 முதல் வரும் Security Now என்ற கணினிப் பாதுகாப்பு பாட்காஸ்ட்டில் ஸ்டீவ் கிப்சன் விளக்குவார், லியோ லபோர்ட் குறுக்கே கேட்பார். லபோர்ட்டுக்கும் கணினி நன்றாகத் தெரியும். ஆனாலும் புதியவர் தடுக்கி விழும் இடத்தில் நிறுத்தி, “இன்னொரு தடவை சொல்லுங்க” என்பார். எழுத்து வடிவம் grc.com தளத்தில் இருக்கிறது, படித்தாலே தெரியும்.

நண்பருக்கு என் பதில்: காசு கொடுக்காதீர்கள், இலவசப் பகுதிகளே போதும். நான் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். அடுத்த வாரம் அணுக் கடிகாரமாம், அதில் என்னத்தைக் கேட்காமல் விடுகிறார் என்று பார்க்க வேண்டும்.