கண்ணாடி நெகட்டிவ் அறையில் சிலிக்கா ஜெல் டீஹியூமிடிஃபையர்: சில ஆண்டுகளின் அனுபவம்

சென்னைக் கடற்கரைக்கு அருகிலுள்ள ஓர் அருங்காட்சியகக் காப்பகத்தில், கண்ணாடி நெகட்டிவ்களும் பழைய புகைப்பட அச்சுகளும் வைக்கப்பட்டிருக்கும் அறையைப் பராமரிக்கும் பொறுப்பு என்னுடையது. அந்த அறை 18 டிகிரி வெப்பநிலையிலும் 35 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்திலும் இருக்க வேண்டும். ஈரப்பதம் மேலும் கீழும் மூன்று விழுக்காட்டுக்கு மேல் நகரக்கூடாது. 30-க்குக் கீழே போனால் ஜெலட்டின் படலம் சுருங்கிக் கண்ணாடியிலிருந்து உரியத் தொடங்கும். 40-க்கு மேலேயே நீண்ட காலம் நின்றால் பழைய கண்ணாடியின் காரப்பொருள் ஈரத்தோடு சேர்ந்து மேற்பரப்புக்குக் கசியும். இரண்டு சேதங்களுமே திரும்பச் சரிசெய்ய முடியாதவை என்பதால்தான் இத்தனை குறுகிய வரம்பு.

காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் சாதாரணக் குளிர்விப்பு முறை டீஹியூமிடிஃபையரை வைத்து இதை ஏன் செய்ய முடியாது என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. 18 டிகிரியில் 35 விழுக்காடு ஈரம் உள்ள காற்றின் பனிநிலை, அதாவது குளிரும்போது அதிலிருந்து நீர் திரளத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 2.3 டிகிரி. அந்தக் காற்றிலிருந்து நீரைக் குளிர்வித்துப் பிரிக்க வேண்டுமானால் காயில் அதைவிடக் குளிராக, அதாவது உறைநிலையை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருந்தாக வேண்டும். அப்போது காயிலில் பனிக்கட்டி படியும். அதை உருக்க இயந்திரம் நின்று நின்று ஓடும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அறையின் ஈரப்பதம் ஏறி இறங்கும். எங்கள் இயந்திரத்தில் உள்ள, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் சக்கரத்துக்கு இந்தத் தடை இல்லை. தேன்கூடு போன்ற நுண்துளைகள் கொண்ட அந்தச் சக்கரம் மணிக்குச் சில சுற்றுகள் மட்டுமே மெதுவாகச் சுழல்கிறது. அதன் முக்கால் பகுதி வழியாக அறைக் காற்று சென்று ஈரத்தை இழக்கிறது. எஞ்சிய கால் பகுதி வழியாக 120 டிகிரி அளவுக்குச் சூடாக்கப்பட்ட வெளிக்காற்று எதிர்த்திசையில் சென்று, சக்கரம் பிடித்துவைத்த ஈரத்தை விரட்டி வெளியே கொண்டுபோகிறது.

இயந்திரம் வந்த பிறகு நாங்கள் முதலில் புரிந்துகொண்டது, ஈரத்தை எடுப்பதைவிட அது உள்ளே வராமல் தடுப்பதே பெரிய வேலை என்பதுதான். எங்கள் அறையின் கொள்ளளவு 200 கன மீட்டர். கதவிடுக்குகள், குழாய் நுழையும் துளைகள் வழியாக மணிக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 40 கன மீட்டர் வெளிக்காற்று புகுவதாகக் கொள்வோம். 32 டிகிரியும் 75 விழுக்காடு ஈரமும் உள்ள சென்னைக் காற்றின் ஒவ்வொரு கிலோவிலும் சுமார் 22 முதல் 23 கிராம் நீராவி இருக்கிறது. எங்கள் அறைக்கு வேண்டியதோ நாலரை கிராம்தான். கணக்கிட்டால், ஒரு நாளைக்கு 20 லிட்டர் நீரை அந்தக் கசிவுக்காக மட்டுமே எடுக்க வேண்டியிருக்கும். கதவுக்குக் காந்த காஸ்கெட் போட்டு, முன்னால் ஒரு சிறு இடைவழி அறை அமைத்து, துளைகளை அடைத்து, கசிவைக் காற்பங்காகக் குறைத்தால் அது 5 லிட்டராகிறது. இந்த வேலையை முடித்த பிறகே இயந்திரத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். அவசரத்தில் பெரிய இயந்திரத்தை வாங்கினால், அது சில நிமிடங்களில் அளவுக்கு மீறி உலர்த்திவிட்டு நிற்பதும் மீண்டும் ஓடுவதுமாக, வரைபடத்தில் ரம்பப் பல் போன்ற கோட்டைத்தான் தரும்.

தொடக்கத்தில் இன்னொரு சுமையும் உண்டு. நெகட்டிவ் உறைகள், அட்டைப்பெட்டிகள், பதிவேடுகள் எல்லாமே ஈரத்தைச் சேர்த்து வைத்திருப்பவை. 60 விழுக்காட்டிலிருந்து 35-க்கு இறங்கும்போது காகிதம் தன் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்கு நீரைக் கைவிடும். ஐந்து டன் காகிதமும் அட்டையும் இருந்தால் அது 150 லிட்டர். நாங்கள் மாதத்துக்கு ஐந்து விழுக்காடு என்ற அளவில்தான் இறக்கினோம். அந்த மாதங்களில் இயந்திரம் ஓயாமல் ஓடுவதைப் பார்த்துப் பழுது என்று நினைக்க வேண்டியதில்லை. பின்னாளில் இதே காகிதம்தான் நமக்குத் துணை நிற்கிறது: மின்சாரம் சில மணி நேரம் நின்றாலும், கதவு மூடியே இருந்தால், பெட்டிகளுக்குள் ஈரப்பதம் அதிகம் அசைவதில்லை.

வரம்பைக் காப்பாற்றுவதில் எங்களுக்கு உண்மையில் சவாலாக இருந்தது வெப்பநிலை. 35 விழுக்காட்டில் நிற்கும் அறை 18-லிருந்து 19 டிகிரிக்கு ஏறினால், ஒரு துளி ஈரம்கூடக் கூடாமல் குறையாமல், ஒப்பு ஈரப்பதம் 33-ஐ ஒட்டி இறங்கிவிடும். மூன்று விழுக்காட்டு வரம்பில் இரண்டை ஒரே ஒரு டிகிரி தின்றுவிடுகிறது. சக்கரத்தைக் கடந்து வரும் உலர்ந்த காற்று ஈரத்தை இழக்கும்போது வெளிப்படும் வெப்பத்தையும், சக்கரம் சூட்டுப் பகுதியிலிருந்து சுமந்துவரும் வெப்பத்தையும் ஏந்திக்கொண்டு, உள்ளே போனதைவிடப் பத்து டிகிரிக்கு மேல் சூடாக வெளிவருவதால், அதை மீண்டும் குளிர்வித்த பின்னரே அறைக்குள் விட வேண்டும். குளிர்விப்பும் உலர்த்தலும் ஒன்றையொன்று துரத்தாமல் இருக்க, ஏசியை வெப்பநிலை சென்சாருக்கும், டீஹியூமிடிஃபையரைப் பனிநிலை அளவுக்கும் கட்டுப்படுத்தி வைத்தோம். ஹீட்டரை முழுதாகப் போடுவது, அணைப்பது என்பதற்குப் பதிலாக, தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டையும் சேர்த்தோம். இந்த இரண்டு மாற்றங்களுக்குப் பிறகுதான் கோடு அமைதியானது.

பழுதுகளில் மிகவும் ஏமாற்றக்கூடியது சக்கரத்தின் பெல்ட் தளர்ந்து சுழற்சி நின்றுபோவது. மின்விசிறி ஓடும், ஹீட்டர் எரியும், பலகையில் பச்சை விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். ஈரம் மட்டும் குறையாது. எங்கள் இயந்திரத்தில் இது நேர்ந்தபோது காட்டிக்கொடுத்தது வெப்பமானிகள்தான். உலர்காற்று உள்ளே போகும் வெப்பநிலைக்கும் வெளிவருவதற்கும் இருந்த வேறுபாடு பெருமளவு குறைந்துபோயிருந்தது. வழக்கமாக 50 டிகிரி அளவில் வெளியேறும் ஈரக்காற்றோ, விரட்டுவதற்கு நீர் இல்லாததால், மிகவும் சூடாக வந்தது. ஆகவே நான்கு காற்று வாய்களிலும் வெப்பமானி பொருத்தி அன்றாடம் குறித்து வைப்பதை, விலை மலிவான காப்பீடாகவே கருதுகிறேன். ஈரக்காற்றுக் குழாயில் கவனிக்க வேண்டியது ஒன்றே: ஏசி அறைகள் வழியாகப் போகும் இடத்தில் அதற்குள் நீர் திரளும், எனவே வெப்பக்காப்பு சுற்றி, வெளிப்புறம் நோக்கிச் சரிவாக அமைக்க வேண்டும்.

சென்சார் விலகலை யாரும் போதிய அளவு பொருட்படுத்துவதில்லை என்பது என் வருத்தம். ஓரிரு ஆண்டுகளில் இரண்டு மூன்று விழுக்காடு விலகிய சென்சார், அறையை முழுக்கத் தவறான இடத்தில் வைத்துக்கொண்டு, சீரான கோட்டையே காட்டும். மூடிய சிறு புட்டியில் மக்னீசியம் குளோரைடின் செறிவுற்ற கரைசலை, கரையாத உப்பு அடியில் நிற்கும்படி எடுத்துக்கொண்டால், அதன் மேலுள்ள காற்று ஏறத்தாழ 33 விழுக்காட்டில் நிற்கும். இது எங்கள் இலக்குக்கு மிக அருகில் இருப்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சென்சாரை அதில் வைத்து, வெப்பநிலை சமனாகும்வரை சில மணி நேரம் காத்திருந்து ஒப்பிடுகிறோம். கரைசல் சென்சாரைத் தொடவே கூடாது.

மின்செலவு குறைவல்ல. ஒரு கிலோ நீரை ஆவியாக்கவே 0.7 யூனிட் வேண்டும்; இந்த முறையில் உண்மையான செலவு அதைப்போல் இரு மடங்கு அல்லது அதற்கு மேல் ஆகும், அறைக்குள் சேரும் வெப்பத்தை அகற்றும் ஏசி செலவு தனி. எனவே 22 டிகிரியில் 50 விழுக்காடு போதும் என்றிருக்கும் காகித ஆவணங்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே பனிநிலை 11 டிகிரிதான்; நல்ல கதவும் குளிர்விப்பு முறை இயந்திரமும் அதைக் காப்பாற்றிவிடும். கண்ணாடி நெகட்டிவ், அசிடேட் ஃபிலிம், துருப்பிடிக்கும் அகழாய்வு இரும்பு போன்றவற்றுக்கு 40-க்குக் கீழே நிற்க வேண்டிய இடம் ஒன்று இருந்தால், கட்டடம் முழுவதற்கும் அல்லாமல், நன்றாக அடைக்கப்பட்ட அந்த ஒரு சிறு அறைக்கு மட்டும் இந்த இயந்திரத்தை வாங்குங்கள்.