ஒரு செமஸ்டர் முழுக்க எக்செலில் ஓடிய கான்ட் சார்ட்

கடைசி வருட ப்ராஜெக்டுக்கு, எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று பட்டைகளாகக் காட்டும் கான்ட் சார்ட் கட்டாயம் என்று சொன்னபோது, தனி மென்பொருள் தேடாமல் எக்செலிலேயே போட்டேன். முதல் நாள் வரைந்தது அரை மணி நேர வேலைதான். அதை நான்கு மாதம் பயன்படுத்தியபோதுதான் எது தாங்கும், எது தாங்காது என்று புரிந்தது.

அடிப்படை எளிது. ஸ்டேக்டு பார் சார்ட்டில் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு துண்டுகள். முதல் துண்டு தொடக்கத் தேதி, இரண்டாவது அந்த வேலை எடுக்கும் நாட்கள். முதல் துண்டை மறைத்துவிட்டால் இரண்டாவது அந்தரத்தில் தொங்குவதுபோல் தெரியும், அவ்வளவுதான். மறைக்க `No fill` கொடுக்க வேண்டும். நான் முதலில் வெள்ளை நிறம் பூசினேன். பின்னாலிருந்த கட்டக் கோடுகள் எல்லாம் அதற்கடியில் போய் ஒளிந்துகொண்டன.

முதல் முறை சார்ட் வந்ததும் பட்டைகள் எல்லாம் வலது ஓரத்தில் நசுங்கிக் கிடந்தன. எக்செலுக்குத் தேதி என்பது 1900 ஜனவரி 1-இலிருந்து எண்ணிக்கொண்டு வரும் ஒரு எண். அச்சு பூஜ்யத்தில் தொடங்கியதால் நூற்றிருபத்தைந்து வருடம் சும்மா கிடந்தது. எங்கள் ப்ராஜெக்ட் தொடங்கியது 2025 ஜனவரி 6. அந்தத் தேதியை `General` வடிவத்துக்கு மாற்றிப் பார்த்தால் 45663 என்று வரும். `Format Axis`-இல் `Minimum` இடத்தில் அதைப் போட்டு, `Major` இடத்தில் 7 கொடுத்தேன். வாரவாரியாகக் கோடு விழுந்தது. வேலைகள் தலைகீழாக வரும், அதற்கு `Categories in reverse order`.

சரி, படம் வந்துவிட்டது. சிக்கல் மூன்றாவது வாரத்தில் வந்தது.

நாங்கள் வேலை நாட்களில் கணக்குப் போட்டிருந்தோம். தரவு சேகரிப்புக்கு 15 நாள், ஜனவரி 28 தொடக்கம். சனி ஞாயிறு கழித்தால் பிப்ரவரி 17-இல்தான் முடியும், அடுத்த நாள் பகுப்பாய்வு. ஆனால் சார்ட்டின் அச்சு காலண்டர் நாட்களைத்தான் எண்ணும். 15 என்று கொடுத்த பட்டை பிப்ரவரி 11-ஓடு நின்றுவிட்டது. வழிகாட்டிப் பேராசிரியர் அந்த இடைவெளியில் விரலை வைத்து, “இந்த ஆறு நாள் என்னப்பா செய்யப்போறீங்க?” என்றார். பதில் இல்லை.

அன்று இரவே பட்டியலை மாற்றினேன். A-யில் வேலை, B-யில் தொடக்கம், C-யில் வேலை நாட்கள், D-யில் முடிவு, E-யில் பட்டையின் நீளம். முதல் வேலையின் தொடக்கத் தேதியை (B2) மட்டும் கையால் அடிக்க வேண்டும். `WORKDAY` சனி ஞாயிறைத் தாண்டி வேலை நாட்களை மட்டும் எண்ணித் தேதியைத் தரும். மற்ற வரிகளுக்கு இந்த ஃபார்முலாக்களைக் கீழே இழுத்தால் போதும்.

```
D2: =WORKDAY(B2,C2-1)
E2: =D2-B2+1
B3: =WORKDAY(D2,1)
```

சார்ட்டுக்குப் போவது B-யும் E-யும் மட்டும், C நமக்காக. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து சார்ட் போட்டால் தேதிப் பத்தியை எக்செல் சில சமயம் பெயர்ப் பட்டியலாக எடுத்துக்கொள்கிறது. அதனால் வெற்று சார்ட் ஒன்றைச் செருகி, `Select Data` வழியாக இரண்டையும் ஒவ்வொன்றாகச் சேர்ப்பது நல்லது.

இதற்கப்புறம்தான் சார்ட் உண்மையில் உதவியது. கேள்வித்தாள் தயாரிப்பு ஜனவரி 20-இல் தொடங்கி 6 நாளில் முடியும் என்று நினைத்தோம், 10 நாள் ஆனது. C-யில் ஒரே ஒரு எண்ணை மாற்றினேன், கீழே உள்ளதெல்லாம் தானாக நகர்ந்தது. தரவு சேகரிப்பு பிப்ரவரி 3-இல் தொடங்கி 21-இல் முடிந்தது. அதன் பட்டை 21 நாளிலிருந்து 19 ஆகக் குறைந்ததைப் பார்த்து ஃபார்முலா தப்போ என்று பயந்தேன். இல்லை, திங்கட்கிழமை தொடங்கியதால் நடுவில் ஒரு வார இறுதி குறைந்திருக்கிறது. விடுமுறைகளையும் கழிக்க வேண்டுமென்றால் அந்தத் தேதிகளைத் தனியாக எழுதி, `WORKDAY`-இன் மூன்றாவது இடத்தில் `$H$2:$H$6` என்பதுபோல் கொடுக்கலாம். டாலர் குறியை விட்டுவிட்டு இழுத்தால் வரிக்கு வரி பட்டியல் நழுவும்.

ஒரு வேலை இரண்டு வேலைகளுக்காகக் காத்திருந்தால் `=WORKDAY(MAX(D3,D4),1)` போதும். இப்படிப்பட்ட இணைப்புகள் ஏழெட்டுக்கு மேல் போனால் எதை எது இழுக்கிறது என்று சார்ட்டில் தெரியாது, அம்புக்குறியும் கிடையாது. எங்கள் பன்னிரண்டு வரிக்கு அது குறையாகத் தெரியவில்லை.

நான் உண்மையிலேயே வருந்தியது வேறொன்றுக்கு. எல்லாம் தானாக நகர்ந்ததால் முதலில் போட்ட திட்டம் அழிந்துபோனது. அறிக்கையில் திட்டமிட்டதும் நடந்ததும் என்று ஒப்பிடச் சொன்னபோது பழைய மின்னஞ்சலில் இருந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துத் தேதிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்தேன். முதல் நாளே B, D இரண்டையும் நகலெடுத்து `Paste Values` கொடுத்து ஓரமாக ஒட்டி வைத்திருந்தால் அந்த வேலையே இருந்திருக்காது.