அத்தையின் இரண்டு கண்களும் “முத்தட்டும்” என்ற யோசனையும்

இந்த முறை ஊரில் இருந்த நாட்களில் பாதி மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் போனது. அத்தைக்கு வலது கண்ணில் விரலை எண்ணத் தெரியவில்லை. கையை ஆட்டினால் நிழல் அசைவது மட்டும் தெரிந்தது. ஊர்க் கண்ணாடிக் கடையில் “புரை இன்னும் முத்தலைம்மா, அப்புறம் பார்க்கலாம்” என்றே தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

பதிவு, எழுத்துப் பலகை, சொட்டு மருந்து எல்லாம் மளமளவென்று நடந்தன. ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸுக்கு அளவு எடுக்கும் இடத்தில்தான் நின்றது. ஒளியை வைத்து அளக்கும் கருவி இடது கண்ணை நொடியில் அளந்தது. வலது கண்ணில் புரையைத் தாண்டி ஒளியே போகவில்லை. மரத்துப்போக மருந்து விட்டு, கண்ணின் மேல் வைத்து அளக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். விழித்திரையும் தெரியாததால் அதற்கு வேறு ஸ்கேன். அத்தைக்குச் சர்க்கரை உண்டு. புரைக்குப் பின்னால் விழித்திரை நன்றாக இருக்கிறதா என்று முழுதாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

“முத்தட்டும்னு காத்திருந்தது அந்தக் காலம்மா” என்றும் சொன்னார். அப்போது புரை விழுந்த இயற்கை லென்ஸை உறையோடு முழுசாக எடுத்துவிட்டு, உள்ளே எதுவும் வைக்காமல் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். அந்தப் பார்வைக்கு அரைகுறைப் புரையே தேவலை என்பதால் காத்திருந்ததில் நியாயம் இருந்தது. இப்போது மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த துளை வழியாக அல்ட்ராசவுண்டால் புரையை உடைத்து உறிஞ்சி, அந்த உறைக்குள்ளேயே மடக்கு லென்ஸ் வைக்கிறார்கள். இதற்குப் புரை இறுகாமல் மென்மையாக இருப்பதுதான் நல்லது.

அத்தையின் வலது புரை பழுப்பேறிக் கருப்பட்டி மாதிரி இறுகியிருந்தது. அதை உடைக்க அல்ட்ராசவுண்ட் அதிகம் வேண்டும். அந்தச் சூட்டிலும் அதிர்விலும் கருவிழியின் உட்புறச் செல்கள் சாகும். அவை மறுபடி வளராது. அதனால் துளையைப் பெரிதாக்கிப் புரையைக் கையாலேயே முழுசாக வெளியே எடுத்தார்கள். அப்படியும் கருவிழி வீங்கி, பார்வை தெளியச் சில வாரங்கள் ஆயின.

இடது கண் ஆபரேஷனுக்கு நான் திரும்பிய பிறகு தம்பி கூட்டிப் போனான். கட்டுப் பிரித்த மறுநாளே காலண்டர் தேதியை வாசித்தார் என்று போனில் சொன்னான்.

இதற்காக எல்லாரும் ஓட வேண்டியதில்லை. புரை இருந்தும் வாசிப்பு, சமையல், இரவு நடமாட்டம் எதுவும் சிரமமில்லை என்றால் பரிசோதனையோடு இருக்கலாம். ஆனால் முற்றிய புரை ஊதிக் கண் அழுத்தத்தைக் கூட்டினால் வலி, சிவப்பு, வாந்தி வரும். அன்றைக்கே ஓட வேண்டிய நிலைமை அது. பெற்றோரை விடுமுறையில் கூட்டிப் போகிறவர்கள் ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். ஆபரேஷனுக்குப் பின் சொட்டு மருந்தே ஒரு மாதத்துக்கு மேல் ஓடும், நடுவில் பரிசோதனைக்கும் வரச் சொல்வார்கள்.