கல்யாணப் பத்திரிகை: ஒரே நீள வசனமா, பிரித்துப் போட்ட வரிகளா?

தம்பி கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க ஹட்டனில் ஓர் அச்சகத்துக்குப் போனபோது இரண்டு மாதிரி காட்டினார்கள். ஒன்று, ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கி ஒரே வசனமாக ஓடி, ‘ஆசீர்வதிக்குமாறு அன்புடன் அழைக்கின்றோம்’ என்று முடிவது. மற்றது, குடும்பம், நேரம், இடம் எல்லாம் தனித்தனி வரியாக நிற்பது. இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து லயத்து வாசலில் உட்கார்ந்து எல்லோரும் மாறி மாறி வாசித்தோம்.

வாழ்த்துக்குப் பழைய முறைதான் நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேலே பிள்ளையார் சுழி, ‘கணபதி துணை’, அதன் கீழே தோட்டத்து மாரியம்மன் பெயர். புது மாதிரியில் ஒரு பிள்ளையார் படம் மட்டும் இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, அம்மன் பெயர் இல்லாத பத்திரிகையைக் கோயிலில் எப்படி வைப்பது என்று கேட்டார். இரண்டு வரியில் முடிகிற விஷயம், அதை வெட்ட வேண்டாம்.

பெற்றோர் பெயரில்தான் பெரிய வித்தியாசம். எங்கள் அப்பா இல்லை. பழைய மாதிரியில் அந்த இடம் இப்படி வந்தது (பெயர்கள் மாதிரிக்கு): ‘காலஞ்சென்ற முத்துசாமி லெட்சுமி தம்பதியினரின் கனிஷ்ட புதல்வன்’. வாசித்துப் பாருங்கள், இரண்டு பேருமே போய்விட்ட மாதிரி இருக்கிறது, ‘காலஞ்சென்ற’ என்ற சொல் பின்னால் வருகிற இரண்டு பெயரையும் பிடித்துக்கொள்கிறது. உயிரோடு இருக்கிற அம்மாவைப் பத்திரிகையில் இப்படி எழுதினால் அது எவ்வளவு பெரிய அபசகுனம்! சரிசெய்ய வழி சுலபம், இருப்பவர் பெயரை முதலில் போட வேண்டும்: ‘திருமதி லெட்சுமி, காலஞ்சென்ற திரு. முத்துசாமி ஆகியோரின் கனிஷ்ட புதல்வன்’. கீழே அழைப்பவர் இடத்திலும் அம்மா பெயர்தான் வர வேண்டும். தாலி இழந்தவர் என்று சொல்லி, சில வீடுகளில் அவரை விட்டுவிட்டு மாமா பெயரைப் போடுகிறார்கள். இத்தனை வருடம் கொழுந்து பறித்துப் பிள்ளையை ஆளாக்கியவர் பெயர் இல்லாமல் அந்தப் பிள்ளைக்குக் கல்யாணப் பத்திரிகையா? மாமா பெயர் அதற்குக் கீழே தாராளமாக வரட்டும்.

பெண் வீட்டையும் அதே அளவில் எழுத வேண்டும். மாப்பிள்ளை பக்கம் தாய், தகப்பன், தோட்டம், டிவிஷன் எல்லாம் போட்டுவிட்டு, பெண் பக்கம் ‘திரு. திருமதி’ என்று தகப்பன் பெயரோடு நிறுத்துவது சரியில்லை, பெண்ணின் அம்மாவுக்கும் பெயர் இருக்கிறது.

நேரம், இடம் இரண்டிலும் பிரித்துப் போடும் முறையே ஜெயிக்கிறது. நீள வசனத்தில் வருடம், திங்கள், திதி, நட்சத்திரம், லக்கினம் எல்லாம் கடந்துதான் மணி வரும், வேனில் போகிறவர் அதைத் தேடிக்கொண்டே இருப்பார். அதிகாலை முகூர்த்தம் என்றால் இன்னும் சிக்கல். பஞ்சாங்கத்தில் ஒரு நாள் சூரிய உதயத்தில் தொடங்கி மறுநாள் உதயம் வரை ஓடும், அதனால் ஞாயிறு விடிகாலை 4.40 அங்கே சனிக்கிழமையில்தான் சேரும். சொந்தக்காரர் ஒருவரின் பத்திரிகையில் ‘சனிக்கிழமை 4.40’ என்று அப்படியே அடித்துவிட்டார்கள், பதுளையிலிருந்து வந்தவர்கள் ஒரு நாள் முன்னதாகவே குளிரில் வந்து நின்றார்கள். கலண்டர் திகதியையும் கிழமையையும் ‘அதிகாலை’ என்ற சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள்.

இடத்துக்கு வந்தால், கோயிலில் தாலி, டவுன் மண்டபத்தில் சாப்பாடு என்று இரண்டு இடம் இருந்தால் இரண்டுக்கும் தனி நேரம் வேண்டும். தோட்டத்துக்குக் கடிதத்தில் ஒரு பெயர், நம் வாயில் ஒரு பெயர் என்று இருந்தால் இரண்டையும் போடுங்கள். எந்தச் சந்தியில் திரும்புவது என்பதும் ஒரு வரி வரட்டும்.

கடைசியில் நாங்கள் இரண்டையும் கலந்தோம். வாழ்த்தும் குடும்பமும் பழைய நடையில், வருடமும் நட்சத்திரமும் அந்த வசனத்துக்குள்ளேயே. அதற்குக் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில், இப்படி:

சுபமுகூர்த்தம்: 30.08.2026 ஞாயிறு, காலை 9.15 – 10.25
இடம்: தோட்டத்து ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயம்
விருந்து: அதே நாள், பகல் 12.00, டவுன் மண்டபம்

அச்சுக்குக் கொடுக்குமுன் புரூபைக் கண்ணாடி போடாத பெரியம்மாவிடம் நீட்டி, ‘எத்தனை மணிக்கு, எங்கே?’ என்று கேட்டோம். மேலே ஒன்றையும் வாசிக்காமல் நேரே அந்த மூன்று வரியில் விரலை வைத்தார். 300 அடிக்கச் சொல்லிவிட்டோம்.